பத்தாயிரம் பேர், 96 லட்சம்: நேர்காணலில் இந்த இரண்டு எண்களையும் எப்படிச் சொல்வது?

#1 மலர்விழி

வணக்கம். களப்பணியாளராக இருக்கிறேன். திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்ததில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். செய்த வேலையைப் பத்து நிமிடத்தில் விளக்க வேண்டும். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முதல் பக்கத்தில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

"6 ஊர்கள். 18 மாதங்கள். 10,000க்கும் மேற்பட்ட மக்கள் பயன்பெற்றனர். 96 லட்சம் நிதி கையாளப்பட்டது."

இது போதுமா, இல்லை இன்னும் பிரித்துக் காட்ட வேண்டுமா?

#2 ஒளிப்படத்தம்பி

ஒரு பக்கத்துக்கு ஒரு படம் போதும், எழுத்து நாலு வரியைத் தாண்டக் கூடாது. முகாம் படங்களில் பதாகை தெரியும்படி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்களைப் பெரிய எழுத்தில், வட்டத்துக்குள் வையுங்கள். குழந்தைகள் முகம் தெரியும் படம் இருந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் உண்டா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

#3 பதிவேட்டுப்பித்தன்

தம்பி, அவர் கேட்டது வட்டத்துக்குள் என்ன எண் போடுவது என்று. ஒப்புதல் தாள் பற்றிச் சொன்னது மட்டும் சரி.

மலர்விழி, அந்த 10,000 எப்படி வந்தது? எந்த நடவடிக்கைக்கு எத்தனை பேர் என்று கூட்டல் தெரியும்படி போடுங்கள். ஆறு ஊருக்கும் சேர்த்து மக்கள் தொகை எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

#4 மலர்விழி

சிறு குழந்தை உள்ள தாய்மாருக்கான ஊட்டச்சத்துப் பயிற்சி, ஊருக்கு 8 வீதம் 48 அமர்வுகள். வருகைப் பதிவேட்டின் மொத்தம் 1,440. சேமிப்புக் குழுக்கள் 14, அவற்றில் உறுப்பினர்கள் 182. கண் பரிசோதனை முகாம் 4, பதிவு செய்தவர்கள் 520. காய்கறி விதைப் பொட்டலம் 150 வீடுகளுக்கு, வீட்டுக்கு 5 பேர் என்று 750. சுவர் எழுத்தும் ஒலிபெருக்கி அறிவிப்பும் ஆறு ஊரிலும் செய்தோம், அதனால் ஆறு ஊர் மக்கள் தொகை 7,200. கூட்டினால் 10,092.

#5 பதிவேட்டுப்பித்தன்

நினைத்தது சரியாகப் போயிற்று. 7,200 பேர் வாழும் ஊர்களில் 10,092 பேர் பயன்பெற்றிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் "ஊர்களின் மக்கள் தொகை எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் மீதி ஒன்பது நிமிடமும் போய்விடும். அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். திட்ட அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு முதலில் வாயில் வருவதே அதுதான்.

இங்கே மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவது, 7,200 என்பதற்குள் மற்ற எல்லோரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதன்மேல் அவர்களையே திரும்பக் கூட்டியிருக்கிறீர்கள். ஒலிபெருக்கி வைத்த ஊரில் எல்லார் காதிலும் அது விழுந்தது என்பதற்கும் உங்களிடம் சான்று கிடையாது. அந்த எண்ணை எடுத்துவிட்டு, "ஆறு ஊர்களில் அறிவிப்பு செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது, 1,440 என்பது வருகை. ஆட்கள் அல்ல. எட்டு அமர்வுக்கும் வந்த ஒரு பெண் அதில் எட்டுப் பேராக நிற்கிறார்.

மூன்றாவது, நான்கு நடவடிக்கைகளிலும் ஒரே ஆள் இருக்கலாம். பயிற்சிக்கு வந்தவரே குழுவில் சேர்ந்து, முகாமில் கண்ணைக் காட்டி, விதையும் வாங்கியிருப்பார். சிறிய ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

#6 சுந்தர்

இதுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். 1,440ஐ 8 அமர்வால வகுங்க, 180 வரும். அதுதான் ஆள் கணக்கு. நாங்க எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் போடுறோம்.

#7 பதிவேட்டுப்பித்தன்

சுந்தர், 180 என்பது ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஆறு ஊரிலும் சேர்த்து வந்தவர்கள். எட்டு சுற்றுக்கும் அதே 180 பேர் வந்திருந்தால் உங்கள் கணக்கு சரி. ஆனால் ஒருத்தி நாலாவது அமர்வோடு நின்றுவிடுவாள், இன்னொருத்தி ஐந்தாவதில் புதிதாக வருவாள். அப்போது ஆள் எண்ணிக்கை 180ஐவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கீழ் எல்லையைத் தெரிந்துகொள்ள உங்கள் வகுத்தல் உதவும், அவ்வளவுதான். உண்மை எண் 180க்கும் 1,440க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மலர்விழி, தாள்கள் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் மூன்று நாள் வேலை. நான்கு நடவடிக்கையின் எல்லாப் பதிவுகளையும் ஒரே அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்றுங்கள். 1,440, 182, 520, 150 சேர்ந்து 2,292 வரிகள் வரும். நிரல்கள் ஆறு போதும்: நடவடிக்கை, தேதி, ஊர், வீட்டு எண், பெயர், கணவர் அல்லது தந்தை பெயர். ஏழாவது நிரலைக் காலியாக விடுங்கள், அது ஆள் எண்ணுக்கு.

பிறகு ஊர், வீட்டு எண், பெயர் என்ற வரிசையில் அடுக்குங்கள். அடுக்கியதும் ஒரே ஆளின் வரிகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கண்ணால் பார்த்து ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள், அதே ஆள் திரும்ப வந்தால் அதே எண். சந்தேகம் வரும் இடத்தில் மஞ்சள் பூசிவிட்டுப் போங்கள், கடைசியில் அந்த ஊர்த் தன்னார்வலரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் இந்த இரண்டு வாய்பாடுகள்:

```
=ROWS(UNIQUE(FILTER(G2:G2293, G2:G2293<>"")))
=COUNTIFS(G:G, G2, A:A, "பயிற்சி")
```

முதலாவது மொத்தம் எத்தனை ஆட்கள் என்று சொல்லும். இரண்டாவதை ஒவ்வொரு வரியிலும் இழுத்துவிட்டால், அந்த ஆள் எத்தனை பயிற்சி அமர்வுக்கு வந்தார் என்று தெரியும். நேர்காணலில் உங்களைத் தூக்கி நிறுத்தப் போவது இரண்டாவதுதான்.

ஒரு எச்சரிக்கை: சோம்பல்பட்டு முதல் வாய்பாட்டைப் பெயர் நிரலின்மேல் போடாதீர்கள். லட்சுமி, இலட்சுமி, லெட்சுமி என்று ஒரே பெண் மூன்று பேராக எண்ணப்படுவார். அதே நேரம், ஒரே ஊரில் உள்ள மூன்று லட்சுமிகள் ஒருவராகச் சுருங்கியும் போவார்கள். எழுத்துப் பிழை எண்ணைக் கூட்டும், பெயர் ஒற்றுமை குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று நம்பக் கூடாது.

#8 எதிர்க்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் அதே வேலைக்கு வரும் மற்ற ஐந்து பேரும் "20,000 பேர்", "50,000 பேர்" என்று போட்டுக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் நேர்மையாக 400, 500 என்று போய் நின்றால் சின்னத் திட்டம் பார்த்தவர் என்று ஓரங்கட்டிவிட மாட்டார்களா? விண்ணப்பங்களைச் சலிப்பவர் எண்ணைத்தான் பார்க்கிறார், முறையைப் பார்ப்பதில்லை.

#9 பதிவேட்டுப்பித்தன்

விண்ணப்பம் சலிக்கும் கட்டத்தில் நீங்கள் சொல்வது நடக்கிறது, மறுக்கவில்லை. இவர் அந்தக் கட்டத்தைத் தாண்டி நேர்காணலுக்கு வந்துவிட்டார். அங்கே கேள்வி கேட்கலாம். பெரிய எண்ணும் வேண்டுமென்றால் 1,440ஐயே சொல்லலாம், "வருகை" என்ற சொல்லோடு. சொல் சரியாக இருந்தால் எந்த எண்ணும் பொய்யில்லை.

#10 தண்ணீர்வண்டி

என் நிலைமை வேற. வெள்ள நிவாரணத்துல தண்ணி விநியோகம். வண்டி 10,000 லிட்டர், ஒரு நாளைக்கு ரெண்டு நடை. வருகைப் பதிவேடுன்னு எதுவும் கிடையாது, முகாம்ல பதிஞ்ச ஆள் 1,900. "1,900 பேருக்குத் தினமும் குடிநீர் வழங்கினேன்"னு போட்டுக்கலாமா? இதுல ரெட்டைக் கணக்கே இல்லையே.

#11 பதிவேட்டுப்பித்தன்

இரட்டைக் கணக்கு இல்லை, ஆனால் வேறு ஓட்டை இருக்கிறது. 20,000 லிட்டரை 1,900ஆல் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 10.5 லிட்டர். நிவாரணப் பணிக்கான சர்வதேச அளவுகோல்களைத் தொகுத்த ஸ்ஃபியர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், குடிக்கவும் வீட்டுத் தேவைக்கும் சேர்த்து. அந்த அளவில் உங்கள் தண்ணீர் 1,333 பேருக்குத்தான் போதும். நிவாரண வேலை தெரிந்தவர் இந்த வகுத்தலை மனத்திலேயே போட்டுவிடுவார். "1,900 பேருக்கு ஆளுக்கு ஏறத்தாழ 10 லிட்டர், 15ஐ எட்ட மூன்றாவது நடை வேண்டியிருந்தது, வண்டி கிடைக்கவில்லை" என்று நீங்களே சொல்லிவிட்டால், அளவுகோல் தெரிந்த ஆள் என்று ஆகிறது. மூன்று நடை என்றால் 15.8 லிட்டர், எட்டியிருக்கும். நீங்கள் "குடிநீர்" என்று எழுதுவதாக இருந்தால் தொட்டியில் குளோரின் பார்த்த பதிவும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் "தண்ணீர்" என்று எழுதுங்கள்.

#12 தண்ணீர்வண்டி

குளோரின் பதிவு பாதி நாளுக்குத்தான் இருக்கு. "தண்ணீர்"னே போட்டுக்கிறேன்.

#13 கணக்குப்பிள்ளை

ஆள் கணக்கு ஒரு வழியாகப் போகிறது. நிதிப் பக்கம் யாரும் போகவில்லையே. "96 லட்சம் கையாளப்பட்டது." யாரால்? இந்த "பட்டது"க்குள் ஒரு நிறுவனமே ஒளிந்துகொள்ளும். மலர்விழி, இந்த 96 முழுத் திட்டத்தின் ஒதுக்கீடா, உங்கள் அலுவலகத்துக்கு வந்ததா, உங்கள் கையெழுத்தில் போனதா?

#14 மலர்விழி

96 லட்சம் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய முழுத் திட்டத்துக்கும். எங்கள் அலுவலகப் பங்கு 31 லட்சம். அதில் சம்பளம் 14 லட்சம், தலைமையகமே நேரடியாகப் போட்டது. வாடகை, வண்டி 3.4 லட்சம், நிர்வாகப் பிரிவு பார்த்தது. விதைக் கொள்முதல் 4.2 லட்சம், கொள்முதல் குழுவில் நான் ஓர் உறுப்பினர். பயிற்சி, முகாம், குழு நடவடிக்கைகளுக்கு 9.4 லட்சம். இதை நான்தான் முன்பணமாக வாங்கிச் செலவு செய்து கணக்குக் கொடுத்தேன். அதில் 9.1 செலவு, 0.3 திருப்பிக் கட்டினேன்.

குழுக்களின் சேமிப்பு 6 லட்சத்தைத் தாண்டியது, அதையும் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

#15 கணக்குப்பிள்ளை

சேர்க்கக் கூடாது. அது உறுப்பினர்களின் சொந்தப் பணம். நீங்கள் கையாண்டதாகச் சொன்னால் "உறுப்பினர் பணம் ஊழியர் கையில் ஏன் இருந்தது?" என்ற கேள்வி வரும், அதற்கு நல்ல பதில் எதுவும் கிடையாது. "14 குழுக்கள் தங்கள் சேமிப்பாக 6 லட்சம் திரட்டின, கணக்கேடு எழுத நான் பயிற்சி கொடுத்தேன்" என்று சொன்னால் அது விளைவு. விளைவை நிதி வரியில் வைக்காதீர்கள்.

சுழல்நிதி இருந்தாலும் இதே கவனம் வேண்டும். 2 லட்சம் போட்டு, அது மூன்று முறை கடனாகப் போய்த் திரும்பினால், வழங்கிய கடன் 6 லட்சம், ஆனால் நிதி 2 லட்சம்தான். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

இப்போது உங்கள் 31. இதை நான்காகப் பிரித்ததே பாதி வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வினைச்சொல் வேண்டும். 9.4க்கு "திட்டமிட்டேன், முன்பணம் பெற்றேன், செலவிட்டேன், கணக்கு ஒப்படைத்தேன்". 4.2க்கு "கொள்முதல் குழுவில் இருந்தேன், விலைப்புள்ளி ஒப்பிட்டேன், சரக்கு எண்ணிப் பெற்றேன்". எதைச் செய்தீர்களோ அதை மட்டும். 14க்கும் 3.4க்கும் உங்களிடம் வினைச்சொல் இல்லை, அதனால் சொல்ல வேண்டியதில்லை. 96ஐ ஒரே ஒரு முறை, திட்டம் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்குச் சொல்லுங்கள்.

அடுத்து அவர்கள் கேட்கக்கூடியவை. முன்பணம் எத்தனை தவணை? ஒரு தவணைக்குக் கணக்குக் கொடுக்க எத்தனை நாள் ஆனது? ரசீதில் முதல் கையெழுத்து யாருடையது, ஒப்புதல் யாருடையது? உங்கள் ஒப்புதல் வரம்பு என்ன? வரம்பே இல்லையென்றால், அதாவது எல்லாச் செலவுக்கும் மேலதிகாரி ஒப்புதல் வேண்டியிருந்தால், அப்படியே சொல்லுங்கள். களப்பணியாளருக்கு அது இயல்புதான். இல்லாத அதிகாரத்தைச் சொன்னால் பழைய அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

9.4ல் 9.1 என்பது ஏறக்குறைய 97 விழுக்காடு. மொத்தமாகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஆனால் மாதவாரியாகப் பாருங்கள். 15ஆவது மாதம் வரை பாதிகூடச் செலவாகாமல் கடைசி மூன்று மாதத்தில் கொட்டியிருந்தால் அந்த 97 வேறு கதை சொல்லும். ஏன் அப்படி ஆனது என்று காரணத்தோடு போங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஆள் கணக்கும் பணக் கணக்கும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, சிற்றுண்டிச் செலவு. 48 அமர்வுக்கும் எத்தனை பொட்டலத்துக்கு ரசீது இருக்கிறது?

#16 மலர்விழி

அமர்வுக்கு 35 என்று நிலையாக வாங்கினோம். 1,680.

#17 கணக்குப்பிள்ளை

வந்தவர்கள் 1,440, வாங்கியது 1,680. 240 கூடுதல். பயிற்றுநர், தன்னார்வலர், தாயோடு வந்த குழந்தை என்று காரணம் இருக்கும், பெரிய தவறாக நான் பார்க்கவில்லை. ஆனால் தணிக்கையாளர் முதலில் ஒப்பிடுவது இந்த இரண்டு தாள்களைத்தான். வருகைப் பதிவேட்டைப் பொட்டலக் கணக்குக்கு ஏற்ப "நிரப்பிய" அலுவலகங்களில், ஒவ்வொரு அமர்விலும் சரியாக 35 பேர் வந்திருப்பார்கள். உங்களுடையதில் எண் மேலும் கீழும் போகிறது என்றால் பதிவேடு உண்மையானது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். 1,440ஐ நம்பலாம் என்று எனக்குத் தோன்றுவதே 1,680 அதோடு ஒட்டாததால்தான்.

#18 சுந்தர்

அப்படின்னா ஆளுக்கு எவ்வளவு செலவுன்னு ஒரு எண்ணும் போடலாமே? 9.1 லட்சத்தை ஆள் எண்ணிக்கையால வகுத்துக் காட்டினா மேலிருக்கிறவங்களுக்குப் பிடிக்கும்.

#19 கணக்குப்பிள்ளை

மேலேயும் கீழேயும் ஒரே எல்லைக்குள் இருந்தால் போடலாம். 9.1க்குள் சம்பளமும் விதையும் வண்டியும் இல்லை. ஆனால் ஆள் கணக்கில் விதை வாங்கியவரும் இருக்கிறார். செலவைக் குறுக்கி, ஆட்களை விரித்தால் எந்தத் திட்டமும் மலிவாகத்தான் தெரியும். முழு 31 லட்சத்தையும் எடுத்து வகுப்பதாக இருந்தால் சரி. அப்போது எண் மூன்று மடங்குக்கு மேல் ஏறும், அதற்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். கேட்டால் சொல்வதற்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

#20 மலர்விழி

நான்கு நாள் ஆனது. முடித்துவிட்டேன். பயிற்சிப் பதிவேட்டில் பெயர் நிரலை மட்டும் வைத்துச் சோதனைக்குப் பார்த்தபோது 611 என்று வந்தது. ஆள் எண் கொடுத்து எண்ணியதில் 236.

குழு உறுப்பினர்கள் 182ல் 171 பேர் அந்த 236க்குள்ளேயே இருக்கிறார்கள், புதியவர் 11. முகாமில் 520 பதிவு, ஆனால் ஆட்கள் 441, சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட முகாமுக்கு வந்திருக்கிறார்கள். அந்த 441ல் 148 பேர் ஏற்கெனவே பயிற்சியிலோ குழுவிலோ இருப்பவர்கள், புதியவர் 293. விதை வாங்கிய 150 பேரில் 96 பேர் முன்பே பட்டியலில் இருந்தார்கள், புதியவர் 54.

236, 11, 293, 54. மொத்தம் 594.

10,092லிருந்து 594. பார்த்ததும் மனசு விட்டுப்போனது. இதை எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது?

#21 பதிவேட்டுப்பித்தன்

வகுக்கும் எண்ணைப் பார்க்காமல் மனசு விடாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி. முகாமுக்கு ஆறு ஊருக்கு வெளியிலிருந்து யாராவது வந்தார்களா? பயிற்சி யாருக்கென்று திட்டத்தில் எழுதியிருந்தது, அந்தப் பட்டியலில் எத்தனை பேர்?

#22 மலர்விழி

வெளியூர்க்காரர்கள் 37 பேர், எல்லாரும் முகாமுக்கு மட்டும் வந்தவர்கள். பயிற்சி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள தாய்மார், கர்ப்பிணிகளுக்கு. தொடக்கக் கணக்கெடுப்பில் 310 பேர். பயிற்சிக்கு வந்த 236ல் 21 பேர் மாமியார்கள், பட்டியலில் இல்லாதவர்கள்.

இரண்டாவது வாய்பாட்டின்படி 6 அமர்வோ அதற்கு மேலோ வந்தவர்கள் 158. அதில் மாமியார்கள் 9.

#23 பதிவேட்டுப்பித்தன்

இதுதான் உங்கள் பக்கம். 310 பேருக்கான பயிற்சியில் 215 பேரை வரவைத்திருக்கிறீர்கள், 69 விழுக்காடு. அவர்களில் 149 பேர் எட்டில் ஆறு அமர்வாவது இருந்திருக்கிறார்கள், அதாவது பட்டியலில் 48 விழுக்காடு. 7,200க்கு எதிரே 594 சிறியதாகத் தெரிகிறது, ஏனென்றால் 7,200 பேருக்காக இந்தத் திட்டமே போடவில்லை. யாருக்காகப் போட்டார்களோ அந்த எண்ணைக் கீழே வையுங்கள்.

மாமியார்களை மறைக்காதீர்கள். வீட்டில் உலை வைப்பது யார் என்று தெரிந்து அவர்களையும் உட்கார வைத்திருந்தால் அது நல்ல களப்பணி. ஆனால் 310க்கு எதிரே வகுக்கும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது. 236ஐ 310ஆல் வகுத்து 76 என்று போட்டால் அது தவறு, பார்வைக்குத் தெரியாத தவறு.

95 தாய்மார் ஒரு அமர்வுக்கும் வரவில்லை. இதைத்தான் கட்டாயம் கேட்பார்கள். எந்த ஊர், என்ன காரணம் என்று பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு ஊரில் மொத்தமாகக் குவிந்திருக்கும். தூரமாக இருக்கும், நடத்திய நேரமாக இருக்கும், இல்லை நடத்திய இடத்துக்குள் ஒரு பகுதிக்காரர்கள் காலெடுத்து வைக்காததாக இருக்கும்.

விதை வீடுகளுக்கு அந்த 5 பேர் பெருக்கல் எங்கிருந்து வந்தது?

#24 மலர்விழி

எல்லாரும் அப்படிப் பெருக்குவார்கள் என்று பெருக்கினேன். விதைப் பதிவேட்டிலேயே வீட்டு உறுப்பினர் எண்ணிக்கை இருக்கிறது. கூட்டினால் 612. வாங்கிய 150 பேரைக் கழித்தால் 462. அதில் 88 பேர் முகாமுக்கோ பயிற்சிக்கோ தனியாக வந்தவர்கள். மிச்சம் 374. (ஒரு அமர்வுக்கும் வராதவர்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 95ல் 52 பேர் ஒரே ஊர். அங்கே காலை 10 மணிக்கு நடத்தியிருக்கிறோம், அவர்கள் வயல் வேலைக்குப் போகும் நேரம்.)

#25 பதிவேட்டுப்பித்தன்

அடைப்புக்குள் போட்டதை வெளியே எடுத்து நேர்காணலில் சொல்லுங்கள். 374ஐ "விதை பெற்ற வீடுகளின் மற்ற உறுப்பினர்கள்" என்று தனி வரியில் வைக்கலாம். 594ஓடு கூட்டாதீர்கள்.

#26 எதிர்க்கேள்வி

இங்கே உடன்படவில்லை. அந்த 374 பேரும் தோட்டத்துக் காய்கறியைச் சாப்பிட்டார்கள் என்றால் அவர்களும் பயனடைந்தவர்கள்தானே? 968 என்று சேர்த்துப் போடுவதில் என்ன பொய்?

#27 பதிவேட்டுப்பித்தன்

சாப்பிட்டார்கள் என்பது தெரியுமா? விதை கொடுத்த பதிவு இருக்கிறது. முளைத்ததா, காய்த்ததா, வீட்டில் சமைத்தார்களா, விற்றார்களா என்பதற்குப் பிறகு போய்ப் பார்த்த பதிவு வேண்டும்.

#28 எதிர்க்கேள்வி

அப்படியென்றால் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்த 215 பேரும் சொன்னதைச் செய்தார்கள் என்பதற்கும் பதிவு இல்லை. அவர்களை மட்டும் எப்படி எண்ணுகிறீர்கள்?

#29 பதிவேட்டுப்பித்தன்

நியாயமான அடி. அதனால்தான் "பயிற்சி பெற்றனர்" என்று எழுதச் சொல்கிறேன், "பயன்பெற்றனர்" என்று அல்ல. கையொப்பம் இருக்கிற இடம்வரைதான் சொல் போக வேண்டும். 374க்குக் கையொப்பமே இல்லை. ஆனால் மறைமுகப் பயனாளிகளைக் கூட்டிக் கேட்கும் நிதியளிப்பவர்களும் உண்டு, அவர்களுடைய படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டமே இருக்கும். அங்கே போடத்தான் வேண்டும்.

#30 கணக்குப்பிள்ளை

மலர்விழி, முதல் பக்கத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். மாற்றிக்கொள்ளுங்கள்:

"6 ஊர்கள், 18 மாதங்கள். நான்கு நடவடிக்கைகளில் 594 பேர் நேரடியாகப் பங்கேற்றனர். இவர்களில் 37 பேர் வெளியூர். ஊட்டச்சத்துப் பயிற்சிக்குத் தகுதியான 310 தாய்மாரில் 215 பேர் வந்தனர், 149 பேர் எட்டில் ஆறு அமர்வாவது முடித்தனர். 96 லட்சம் கூட்டுத் திட்டத்தில் எங்கள் அலுவலகப் பங்கு 31 லட்சம். அதில் 9.4 லட்சம் நடவடிக்கை நிதியை நான் முன்பணமாகப் பெற்று 9.1 லட்சம் செலவிட்டுக் கணக்கு ஒப்படைத்தேன், மீதியைத் திருப்பிச் செலுத்தினேன்."

கொஞ்சம் நீளம்தான். ஒளிப்படத்தம்பி கோபப்படுவார்.

#31 ஒளிப்படத்தம்பி

கோபமெல்லாம் இல்லை. 310, 215, 149 மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுகும் பட்டைகளாக வரைந்தால் படிக்கவே வேண்டாம், பார்த்தாலே புரியும். நிதிக்கும் அப்படியே 96, 31, 9.4. மீதியை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

#32 பதிவேட்டுப்பித்தன்

நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும்: நிதிப் பட்டையில் 96ஐயும் 9.4ஐயும் உண்மையான அளவுக்கு வரையுங்கள். 9.4 பட்டை பத்தில் ஒரு பங்கு நீளம்தான் வரும், வரட்டும்.

பெயர், வீட்டு எண் உள்ள அந்த 2,292 வரி அட்டவணையை நேர்காணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மடிக்கணினியில் திறந்தும் காட்டக் கூடாது. அந்தப் பெயர்கள் உங்களுடையவையும் அல்ல, உங்களை நேர்காணல் செய்பவருடையவையும் அல்ல. ஊர்வாரி எண்ணிக்கை மட்டும் உள்ள ஒரு பக்கத் தாள் போதும். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டால், ஆள் எண் கொடுத்த முறையை வாயால் சொல்லுங்கள்.

#33 எதிர்க்கேள்வி

நான் இன்னும் 968 பக்கம்தான். ஆனால் அந்த 52 பேர், காலை 10 மணி விஷயத்தை முதல் மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். தானாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்காமலே நேரம் முடிந்துவிடலாம்.

#34 மலர்விழி

சரி. பட்டைகள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 10ஆவது மாதத்துக்குப் பிறகு அந்த ஊரில் மாலை 4 மணிக்கு மாற்றினோம், வருகை 22லிருந்து 31 ஆனது. ஆனால் அந்த நேரத்தில்தான் விதைப் பொட்டலமும் கொடுக்கத் தொடங்கினோம். நேரத்தை மாற்றியதால் கூடியது என்று சொல்லலாமா?

#35 பதிவேட்டுப்பித்தன்

மற்ற ஐந்து ஊரிலும் அதே மாதம் விதை கொடுத்தீர்களா? கொடுத்தும் அங்கே வருகை ஏறவில்லை என்றால் நேரம்தான் காரணம் என்று ஓரளவு சொல்லலாம். அங்கேயும் ஏறியிருந்தால் சொல்ல முடியாது. பதிவேட்டைத் திரும்ப எடுங்கள்.